ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கலை மாற்றுங்கள்: வார்டன் அம்மாவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வார்டன் அம்மாவுக்கும், விடுதி நிர்வாகத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும்,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் உங்கள் மகளிர் விடுதியின் முதல் மாடியிலிருந்து இரண்டாம் அறைக்காரி எழுதுகிறேன். நம் மாடியின் நாலு அறைக்காரர்களுக்கும் வாராவாரம் வேலையைப் பிரிக்கிற சீட்டுக் குலுக்கலில் போன ஞாயிறு சாயங்காலம் என்ன நடந்தது என்று நான் விவரிக்கத் தேவையில்லை, எவர்சில்வர் டப்பாவைக் கையில் பிடித்திருந்தவரே நீங்கள்தான். ஆனால் அன்றைக்கு நீங்கள் நான்காம் அறை அக்காவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே "அவங்க கைராசி அப்படி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள் பாருங்கள், அதிலிருந்துதான் இந்த மடல் வருகிறது. அது கைராசி இல்லை அம்மா. நாம் சீட்டு எடுக்கிற முறையிலேயே கோளாறு இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

எனக்கு இதில் சொந்த நஷ்டம் எதுவும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டாவதாகச் சீட்டு எடுப்பவளுக்கு இப்போதைய முறையில் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் நான்காம் அறைக்குத்தான்.

நான்காம் அறை அக்கா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்ப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் எட்டு மணிக்குப் பக்கம் வந்து சேருவார். கழிப்பறை முறை யாருக்கு வந்தாலும் ஒன்பது மணிக்குள் கழுவி முடித்திருக்க வேண்டும், நீங்கள் வந்து பார்ப்பீர்கள். நம் போர்த் தண்ணீர் வேறு உப்பு. ஒருநாள் விட்டாலே டைல்ஸில் வெள்ளையும் மஞ்சளுமாகப் படிந்துவிடும், பினாயில் ஊற்றினால் போகாது, ஆசிட் ஊற்றி உட்கார்ந்து தேய்க்க வேண்டும். ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்தவர், யூனிஃபார்ம்கூட மாற்றாமல் அந்த ஆசிட் வாடையில் உட்கார்ந்து தேய்த்துவிட்டு, அப்புறம்தான் படுக்கப் போகிறார். ஒரு வாரம் என்றால் யாருக்கும் வரக்கூடியதுதான், அவரும் முகம் சுளித்ததில்லை. அடுத்த வாரமும் அதே வேலை என்றால்? "தொடர்ந்து இரண்டு வாரம் யாருக்கும் ஒரே வேலை வராது" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தத் தாளுக்கு நேர் கீழே நின்றுதான் அவர் அந்தச் சீட்டை எடுத்தார்.

சரி, அன்றைக்கு நடந்ததையே எடுத்துக்கொள்வோம். முந்தின வாரம் ஒன்றாம் அறைக்கு மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது, எனக்குக் குப்பை இறக்குவது, மூன்றாம் அறைக்கு நடையும் படிக்கட்டும் பெருக்குவது, நான்காம் அறைக்குக் கழிப்பறை. நம் வழக்கம் என்ன? அறை எண் வரிசையில் ஒவ்வொருவராக எடுப்பது, போன வாரத்து வேலையே வந்தால் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுப்பது. ஒன்றாம் அறை எடுத்தது குப்பை. நான் எடுத்தது நடை. மூன்றாம் அறைக்கு மோட்டார். மூன்று பேரும் விதியை மீறவில்லை. டப்பாவில் மிச்சம் ஒரே சீட்டு, கழிப்பறை. நீங்கள் விதிப்படி "திரும்பப் போட்டுட்டு இன்னொரு தரம் எடும்மா" என்றீர்கள். அவரும் போட்டார், நீங்களும் குலுக்கினீர்கள், அவர் திரும்ப எடுத்தார். ஒற்றைச் சீட்டு கிடக்கிற டப்பாவை எத்தனை குலுக்குக் குலுக்கினால் என்ன அம்மா, வேறு என்ன வரும்?

அந்தச் சமயத்திலேயேகூடச் சரிசெய்திருக்கலாம். அவரை மற்ற மூன்று பேரில் யாரோடு வேண்டுமானாலும் வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தால் போதும். உதாரணத்துக்கு ஒன்றாம் அறைக்குக் கழிப்பறை, நான்காம் அறைக்குக் குப்பை என்று மாற்றிப் பாருங்கள், இரண்டு பேருக்கும் அது போன வாரத்து வேலை இல்லை. என்னோடு மாற்றினாலும் மூன்றாம் அறையோடு மாற்றினாலும் இதே கதைதான், யாருக்கும் விதி மீறாது.

இது எப்போதாவது நடக்கிற விபத்து என்று நினைக்காதீர்கள். நான் எல்லா வழிகளையும் எழுதிப் பார்த்தேன். நாலு பேர், நாலு வேலை, நம் முறை என்றால் கடைசி ஆள் போன வாரத்து வேலையிலேயே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 36-இல் 5. வருஷத்துக்கு 52 குலுக்கல் என்று வையுங்கள், சராசரியாக ஏழு வாரம் அவருக்கு இந்தக் கதி. மற்ற மூன்று பேருக்கு ஒரு வாரம்கூடக் கிடையாது, ஏனென்றால் நாங்கள் எடுக்கும்போது டப்பாவில் வேறு சீட்டு எப்போதும் இருக்கும். அதோடு முடியவில்லை. மூன்றாம் அறை போன வாரம் செய்த வேலை நான்காம் அறைக்கு வந்து விழும் வாய்ப்பு 36-இல் 14. நியாயமான குலுக்கல் என்றால் அது 36-இல் 12 ஆகத்தான் இருக்க வேண்டும். அதாவது மூன்றாம் அறைக்குக் கழிப்பறை வந்தால், அடுத்த வாரம் அது பக்கத்து அறைக்குத் தாவும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வரிசையைத் திருப்பி நான்காம் அறையிலிருந்து ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்போது இந்தப் பாவத்தை ஒன்றாம் அறை சுமக்கும், அவ்வளவுதான்.

முறையை மாற்றுங்கள் என்கிறேன், குலுக்கலே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சுழற்சியாக விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். முன்னே அப்படித்தான் இருந்தது, என்ன ஆயிற்று? எந்த வாரம் கழிப்பறை வரும் என்று முன்கூட்டியே தெரிந்ததால், சரியாக அந்த வாரத்தில் சிலருக்கு ஊரில் விசேஷம் வந்தது. சிதம்பரத்தில் இவ்வளவு காதுகுத்து நடக்கும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. அதனால்தான் குலுக்கல் வந்தது, அது நல்லதுதான், அது குலுக்கலாக இருந்தால்.

நாம் செய்ய வேண்டியது இதுதான். நாலு பேருக்கு நாலு வேலையை மொத்தம் 24 விதமாகப் பிரிக்கலாம். அதில் யாருக்கும் போன வாரத்து வேலை வராத விதங்கள் சரியாக ஒன்பது. அந்த ஒன்பதையும் ஒன்பது சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு சீட்டு மட்டும் எடுக்க வேண்டும். ஆளுக்கொரு சீட்டு இல்லை, மொத்த மாடிக்கும் ஒன்றே ஒன்று. சீட்டுகள் இவை:

2143, 2341, 2413, 3142, 3412, 3421, 4123, 4312, 4321

படிப்பது சுலபம். 2413 வந்தால், ஒன்றாம் அறை போன வாரம் இரண்டாம் அறை செய்த வேலையைச் செய்யும், இரண்டாம் அறை நான்காம் அறையின் வேலையை, மூன்றாம் அறை ஒன்றாம் அறையின் வேலையை, நான்காம் அறை மூன்றாம் அறையின் வேலையை. எந்தச் சீட்டிலும் எந்த எண்ணும் தன் சொந்த இடத்தில் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மற்ற மூன்று எண்களும் மும்மூன்று தடவை வருகின்றன, அதனால் யாருக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. திரும்பப் போடுவது, திரும்ப எடுப்பது எதுவும் கிடையாது. எடுத்த சீட்டையும் மறுபடி டப்பாவிலேயே போட்டுவிட வேண்டும், அடுத்த வாரமும் அதே ஒன்பதுதான். யாராவது அறையைக் காலி செய்தால்கூட அறை எண் மாறாது, புதிதாக வருபவர் அதே இடத்தில் சேர்ந்துகொள்வார்.

ஐந்தாவது ஆள் வந்தால் இந்த வழி சரிப்படாது, 44 சீட்டு எழுத வேண்டியிருக்கும். அப்போது ஆளுக்கொரு சீட்டு எடுக்கலாம், ஆனால் ஒருவருக்குப் பழைய வேலை வந்தாலும் எல்லோர் சீட்டையும் டப்பாவில் போட்டு முதலிலிருந்து எடுக்க வேண்டும். அவர் மட்டும் திரும்ப எடுப்பது என்று ஆரம்பித்தால் பழைய கதைதான். எத்தனை தடவை குலுக்குவது என்று பயப்பட வேண்டாம், சராசரியாக மூன்று தடவைக்குள் முடிந்துவிடும்.

இதில் ஒரு குறையும் உண்டு, மறைக்கவில்லை. ஒரு வாரம் கழிப்பறை, அடுத்த வாரம் வேறு, அதற்கடுத்த வாரம் மறுபடி கழிப்பறை என்று வரலாம், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் கைராசி என்று சொல்லிக்கொள்ளட்டும், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், ஏனென்றால் அது நாலு பேருக்கும் பொதுவாக வரும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆண்டுகள். குடவோலை என்றதும் குடமும் ஓலையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரின் பெயரைச் சேர்க்கவே கூடாது என்ற விதியும் அதிலேயே இருக்கிறது. விலக்க வேண்டியதை ஓலை குடத்துக்குள் போவதற்கு முன்னாலேயே விலக்கிவிட்டார்கள். எடுத்த பிறகு "ஐயையோ இவர் போன தடவை இருந்தவராச்சே, திரும்பப் போடு" என்று நிற்கவில்லை. ஒன்றும் தெரியாத ஒரு சின்னப் பையனை அழைத்து எடுக்கச் சொன்னார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராம சபை யோசித்ததை, மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை வாங்குகிற ஒரு விடுதி யோசிக்கக் கூடாதா?

வாடகை என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. இந்த நாலு வேலையையும் செய்துகொண்டிருந்த அம்மா நின்று எத்தனையோ மாதமாகிவிட்டது, ஆனால் ரசீதில் "பராமரிப்பு" என்ற வரி மட்டும் நிற்கவே இல்லை. நாங்களே கழுவுகிறோம், நாங்களே பெருக்குகிறோம், அதற்கு நாங்களே காசும் கொடுக்கிறோம். ஆசிட் பாட்டில்கூட எங்கள் கைக்காசு. பேசினால் நீளும், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டது. கேட்க வந்தது ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிறு முதல் அந்த ஒன்பது சீட்டு முறைக்கு மாறுங்கள். ஒரே அளவில் வெட்டி, ஒரே மாதிரி மடித்து, ஒன்பதையும் நானே எழுதிக் கொடுக்கிறேன், நீங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிபார்த்துவிட்டுப் போடலாம். சீட்டை எங்களில் யாரும் எடுக்க வேண்டாம், கீழ்வீட்டுப் பையன் எடுக்கட்டும். எடுத்ததை உரக்கப் படித்து, அந்த வாரத்து வேலைகளை அப்போதே போர்டில் எழுதிவிட்டால் அடுத்த ஞாயிறு "போன வாரம் யார் எது செய்தாங்க" என்ற சண்டையும் வராது.

இந்த வாரம் மிச்சமிருக்கிற நாட்களுக்குக் கழிப்பறையை நான் எடுத்துக்கொள்கிறேன், நடையை அக்கா பெருக்கட்டும். அவருக்கும் சம்மதம், நீங்களும் சம்மதித்தால் இன்று மாலையே போர்டில் மாற்றி எழுதிவிடலாம். தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் அறை, முதல் மாடி