முதல் ஷிஃப்ட் கேட்டு எழுது

அன்புள்ள சரவணா,

அம்மாவுக்கு ஓசூரில் திங்கள், புதன், வெள்ளி மாலை நாலு மணிக்கு டயாலிசிஸ் இடம் கிடைத்ததில் நிம்மதி. உன் ஷிஃப்டுக்கு என்ன வழி என்று கேட்டேன். "பாத்துக்கலாம்ப்பா" என்று போனை வைத்துவிட்டாய்.

மெஷினில் 4 மணி நேரம். ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்று, வீடு சேர ஒன்பதாகும். எழுந்தால் அவளுக்குப் பிரஷர் இறங்கித் தலை சுற்றுகிறது. எனக்கோ இருட்டினால் கண் தெரியாது. நீ ஆறிலிருந்து இரண்டு, முதல் ஷிஃப்டிலேயே நிரந்தரமாக இருந்தால்தான் சரிவரும். கேட்டு எழுது.

டைம் ஆபீசில் 22 வருஷம் இருந்தவன் சொல்கிறேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று மட்டும் வரும் மனு மேஜையிலேயே கிடக்கும். கிழமையும் நேரமும் போட்டு எழுது. டாக்டர் கடிதத்திலும் அவை இருக்கட்டும்.

முதல் ஷிஃப்ட் எல்லோருக்கும் வேண்டியது. உன் மெஷினில் மூன்று பேர் வாரம் மாறி வருகிறீர்கள். நீ ஒன்றிலேயே நின்றால், மற்ற இருவருக்கும் அரை நைட்டும் முழு நைட்டும்தான் மிஞ்சும். அதை நீயே முதலில் சொல்லிவிடு. மனு கொடுக்குமுன் அவர்களிடம் பேசு. நைட் படிக்காக முழு நைட்டை விரும்புகிறவன் ஒருவன் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பதிலுக்கு நீ கொடுப்பதையும் எழுது. நைட் படி வேண்டாம். தீபாவளி, பொங்கல் டூட்டியை நான் பார்க்கிறேன். செவ்வாய், வியாழன், சனியில் யாராவது லீவு போட்டால் அன்று இரண்டாம் ஷிஃப்டுக்கு மாறி வருகிறேன். இவ்வளவு போதும். எப்போது கூப்பிட்டாலும் வருவேன் என்று மட்டும் எழுதாதே. முதல் வெள்ளிக்கிழமையே அந்த வாக்கு உடையும். மூன்று மாதம் பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள் என்று கேள். உத்தரவை எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தை, சூப்பர்வைசர் மாறினால் அவரோடு போய்விடும். கிழமையும் நேரமும் மறக்காதே.

நீ கெட்டிக்காரன், உனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாயே என்றுதான்.

மருமகள் சுதா, ஆபீஸ் வேலை அலுத்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னாளாம். எனக்கு அந்தப் பேச்சு தெரியும். 1994-ல் அப்பத்தா படுக்கையில் விழுந்தபோது உன் அம்மா வைண்டிங்கில் இருந்தாள். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நின்றுகொண்டாள். தூசி இல்லை, சரவணா. நான்தான் நிற்கச் சொன்னேன். ஊருக்கே ஷிஃப்ட் போட்டவன், எனக்கு ஒன்று மாற்றிக் கேட்கக் கூச்சப்பட்டேன். ஐந்து வருஷம் அவள் ஒருத்தியாகப் பார்த்தாள். நான் ஒருநாள்கூட அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை.

மனுவை எழுதியதும் போனில் எனக்குப் படித்துக் காட்டு. சுதாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

அப்பா