நிறக் கண்ணாடியால் வாசிப்பு வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

எழுத்துக் கூட்டத் தடுமாறும் எங்கள் தெருச் சிறுமிக்கு நிறக் கண்ணாடி வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். கடன் வாங்கவும் பெற்றோர் தயார். வேதனையாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், பரிந்துரைத்த நிறத்தில் ஒளி ஊடுருவும் தாள், வேறு நிறத் தாள், நிறமற்ற தாள் எதைப் பக்கத்தின் மேல் வைத்தாலும் குழந்தைகளின் வாசிப்பில் வித்தியாசமில்லை.

கிட்டப்பார்வை போன்ற பார்வைக் கோளாறு என்றால் கரும்பலகை மங்கும். பவர் கண்ணாடி போட்டால் தெளியும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு பெரும்பாலும் ஒலிகளைப் பிரித்துச் சேர்ப்பதில் வரும் சிக்கல். 'கடல்' என்பதில் 'க'வை விட்டுவிட்டுச் சொல்லம்மா என்று வாய்மொழியாகத்தான் கேட்டேன். அவளுக்கு 'டல்' வரவில்லை. அங்கே பார்க்க எழுத்தே இல்லையே! கண்ணை ஒருமுறை பரிசோதிக்கட்டும். அப்புறம் அந்தப் பணம், ஒலியோடு எழுத்தைச் சேர்த்துப் பழக்கும் சிறப்பு ஆசிரியருக்குப் போகட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்