மெத்தை விளம்பரமும் ‘பார்’ என்ற துணைவினையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளம்பரத் தமிழ் கெட்டுவிட்டதற்கு மொழிபெயர்ப்பாளரின் சொல்வளக் குறைவே காரணம் என்று தங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கில விளம்பர வசனங்களைத் தமிழாக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், குறை பெரும்பாலும் அங்கே இல்லை என்பேன். ஒரு வரி விளம்பரத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்காமல், அதன் சொற்களுக்கு ஈடு தேடத் தொடங்குவதில்தான் கோளாறு.

நான் எழுதிய முப்பது நொடி மெத்தை விளம்பரம் ஒன்றைச் சொல்கிறேன். கடையில் கணவனும் மனைவியும் முடிவெடுக்க முடியாமல் நிற்க, விற்பனையாளர் ‘ஸ்லீப் ஆன் இட்’ என்கிறார். அவசரப்படாமல் ஓர் இரவு யோசித்துச் சொல்லுங்கள் என்பது ஆங்கில வழக்கில் அதன் பொருள். மெத்தையின்மேல் தூங்குங்கள் என்பது நேர்ப்பொருள். இரண்டும் ஒன்றாக ஒலிப்பதே அதன் சுவை. ‘அதன்மேல் தூங்குங்கள்’ என்று எழுதினால் நேர்ப்பொருள் மட்டும் மிஞ்சுகிறது. ‘யோசித்துச் சொல்லுங்கள்’ என்றால் மெத்தை காணாமல் போகிறது. ஆகவே சொற்களை ஒதுக்கிவிட்டு, வாங்குமுன் அனுபவித்து அறியலாம் என்ற கருத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். செய்து அறிவதைச் சொல்ல நமக்குப் ‘பார்’ என்ற துணைவினை இருக்கிறது: தின்று பார், போட்டுப் பார். ‘படுத்துப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க’ என்று எழுதியதும், படுப்பதும் சோதிப்பதும் ஒரே தொடரில் அமைந்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் சிக்கல் தொடங்கியது. எங்கள் வரியை விளம்பரம் கொடுத்த வாடிக்கையாளர் மீண்டும் ஆங்கிலமாக்கிப் படித்துவிட்டு, தூக்கமும் இரவும் எங்கே என்று கேட்டார். மறுமொழிபெயர்ப்பில் துணைவினை வெறும் ‘காணுங்கள்’ ஆகிவிடுவதால், நயம் தெரிய வழியே இல்லை. அன்றுமுதல் ஒவ்வொரு வரியோடும் அது கேட்பவருக்கு எப்படிப்படும் என்ற இரண்டு வரி விளக்கத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

படமோ ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. ஆங்கில வரியில் மூன்று அசைகள். ‘படுத்துப் பாருங்க’ என்பதிலேயே ஆறு. விற்பனையாளரின் முகம் திரை முழுவதும் தெரிந்ததால், அவர் வாய் மூடிய பிறகும் குரல் ஓடியது. படத்தொகுப்பாளர் அந்த இடத்தில் தம்பதியரின் முகங்களை வைத்த பிறகே வரி பொருந்தியது. (கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படிக்காமல் எந்த வரியையும் அனுப்பக் கூடாது என்று இளையவர்களிடம் சொல்வது இதனால்தான், தாளில் சிறியதாகத் தெரியும் தமிழ்ச் சொல் வாயில் நீளும்.)

ஒன்றை மட்டும் மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. முப்பது இரவுகளுக்குள் திருப்பித் தரலாம் என்ற வாக்குறுதியும் அதன் நிபந்தனைகளும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துபவை. அவற்றை எண் பிசகாமல், ‘வரை’ என்பது ‘மேல்’ ஆகிவிடாமல் மொழிபெயர்த்தேன். ஒரே வசனத்தாளில் கடைக்காரரின் பேச்சை ஒருவிதமாகவும், அடியில் ஓடும் சிறிய எழுத்தை வேறுவிதமாகவும் கையாள வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
விளம்பர வசன எழுத்தாளர் ஒருவர்