திருவோணம் உதிக்கும் திசை

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் புரை அறுவை செய்துகொண்டதால் பத்து நாள் எதையும் படிக்கக் கூடாது என்றார்கள். மருமகள்தான் வாசித்துக் காட்டினாள். இப்போது வலது கண் தெளிவு. நேற்று ராத்திரி மொட்டைமாடியில் நின்று கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு மீனையும் எண்ணிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

உன் பேரன் கேட்ட கேள்வி மனதிலேயே நிற்கிறது. திசைகாட்டி இல்லாமல் கொள்ளுத்தாத்தா எப்படிக் கரை திரும்பினார் என்று கேட்டானாமே. உன் அப்பா கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் தூத்துக்குடியிலிருந்து கிழக்கே போனவர் மேற்கே திரும்பினால் எங்கேயாவது கரை தட்டும். நடுக்கடலில் ஒரு சிறு தீவைத் தேடிப் போவதுதான் நிஜமான சோதனை. அதைச் செய்துகாட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பேரனுக்கும் படித்துக் காட்டு.

பெயர் மாவ் பியாய்லுக். பசிபிக்கில் கரோலின் தீவுகளைச் சேர்ந்த சதவால் என்ற குட்டித் தீவுக்காரர். 1976 மே 1-ஆம் தேதி புறப்பட்டு, ஹவாயிலிருந்து தாஹித்திக்கு 'ஹோக்குலேஆ' என்ற இரட்டைத் தோணியை வழிநடத்தினார். நாலாயிரம் கிலோமீட்டர், திசைகாட்டி, வரைபடம், கடிகாரம் எதையும் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. இரட்டைத் தோணியை ஆங்கிலத்தில் கேட்டமரன் என்கிறார்களே, அது நம் கட்டுமரம் என்ற சொல்தான். பொருள் மட்டும் எங்கோ வழிதவறிப் போய்விட்டது.

மாவுக்கு வானம்தான் திசைகாட்டி. ஒரு நட்சத்திரம் இன்றைக்கு எந்த இடத்தில் உதிக்கிறதோ, வருஷம் முழுக்க அதே இடத்தில்தான் உதிக்கும். நேரம் மட்டும் தினம் நாலு நிமிஷம் முந்தும். நாம் திருவோணம் என்கிற நட்சத்திரத்தை அவர்கள் மைலாப் என்பார்கள். அது உதிக்கும் இடம் ஏறக்குறைய கிழக்கு, மறையும் இடம் ஏறக்குறைய மேற்கு. இப்படி உதயமும் மறைவுமாக அடிவானத்தைச் சுற்றி முப்பத்திரண்டு இடங்கள். சதவாலில் பாயின் மேல் கற்களை வட்டமாக வைத்து, நடுவில் ஒரு சின்னத் தோணியையும் வைத்து, பிள்ளைகளுக்கு இதை உருப்போட வைப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அடிவானத்தை ஒட்டி இருக்கும் வரைதான் நட்சத்திரம் திசை சொல்லும். மேலே ஏற ஏறச் சரிந்து விலகிவிடும். உச்சிக்கு வந்தால் எந்தப் பக்கம் போவது என்று அதைக் கேட்க முடியாது. அதனால் ஒன்று ஏறியதும், அதே இடத்தில் அடுத்து உதிப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓர் இரவைக் கடக்கப் பத்து நட்சத்திரங்களாவது வேண்டும். பகலிலும் அப்படித்தான்: காலையிலும் மாலையிலும் சூரியன் உதவும், உச்சிப் பொழுதில் உதவாது.

அப்புறம் மேகம். ஹவாய்க்கும் தாஹித்திக்கும் நடுவில், பூமத்திய ரேகைப் பக்கம், காற்றே இல்லாமல் வானம் மூடிக் கிடக்கும் ஒரு பட்டை இருக்கிறது. அங்கே கை கொடுப்பது அலை. கரையில் வந்து உடைகிற அலையையோ, காற்றடித்தால் நிமிஷத்தில் எழும்பும் சிற்றலையையோ சொல்லவில்லை. எங்கோ தொலைவில் நாள்கணக்கில் வீசிய காற்று எழுப்பிவிட்ட நெடிய அலை அது. இங்கே காற்று திரும்பினாலும், நின்றே போனாலும், அது தன் பாட்டுக்கு ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். சாயங்காலம் நட்சத்திரம் தெரியும்போதே, இந்த அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வானம் மூடினாலும், அலை தோணியை முன்பின்னாகத் தூக்குகிறதா, பக்கவாட்டில் உருட்டுகிறதா என்பதை வைத்துத் திசை மாறியதா என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமிருந்து இரண்டு அலை வந்தால் கண் ஏமாற்றிவிடும். அப்போது மாவ் தோணிக்குள் போய்ப் படுத்துக்கொண்டு உடம்பால் கேட்பார். குழந்தையாக இருந்தபோதே அவரைக் கடலோரக் குட்டைகளில் உட்காரவைத்து, தண்ணீரின் அசைவைப் பழக்கினாராம் தாத்தா.

திசை தெரிந்தால் போதுமா என்று கேட்பாய். போதாது. தாஹித்தி ஹவாய்க்கு நேர் தெற்கே இல்லை. கொஞ்சம் கிழக்கே தள்ளி இருக்கிறது. காற்றும் நீரோட்டமும் தோணியை மேற்கே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒருமுறை மேற்கே நழுவிவிட்டால், எதிர்க்காற்றில் திரும்பி வருவது பெரும்பாடு. அதனால் தாஹித்தியைக் குறிவைக்கவே கூடாது. அதற்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் துவாமோத்து என்று தீவுக் கூட்டம் ஒன்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வலை விரித்தது மாதிரிக் கிடக்கிறது. அந்த வலையில் எங்கேயாவது போய் மோதிவிட்டு, அங்கிருந்து காற்றோடு போக வேண்டும். எனக்கு இந்தப் பயணத்தில் ரொம்பப் பிடித்தது இந்தத் தந்திரம்தான்.

ஆனால் அவை தென்னை உயரமே உள்ள தட்டைத் தீவுகள். பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனாலே கண்ணில் படாது. இங்கேதான் பறவை வருகிறது. வெள்ளை ஆலா காலையில் தீவை விட்டு நாற்பது கிலோமீட்டர் வரை மீன் பிடிக்கப் போய், இருட்டும் முன் கூடு திரும்பும். சாயங்காலம் அது நேராக எந்தப் பக்கம் பறக்கிறதோ, அந்தப் பக்கம் கரை. பதினைந்து கிலோமீட்டர் வட்டத்தில் தெரிகிற தீவு, பறவையால் நாற்பது கிலோமீட்டர் வட்டமாகிவிடுகிறது. எல்லாப் பறவையையும் நம்ப முடியாது. சில ஆலா வகைகள் மாதக்கணக்கில் கடலிலேயே திரியும். புறப்பட்டு ஒரு மாதம் ஆனபோது ஆலாக்கள் தென்பட்டன. பிறகு மத்தாய்வா என்ற தீவும். அது துவாமோத்துவின் மேற்கு ஓரம். வலையின் ஓரக்கண்ணியில் சிக்கிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள். ஜூன் 4 அன்று தாஹித்தி. துறைமுகத்தில் பதினேழாயிரம் பேர் திரண்டிருந்தார்களாம். வழியில் மாலுமிகளுக்குள் நடந்த சண்டையில் மனம் வெறுத்துப்போன மாவ், அங்கிருந்தே ஊருக்குப் போய்விட்டார். திரும்பும் பயணம் கருவிகளோடுதான் நடந்தது.

1980-இல் அவருடைய மாணவர் நைனோவா தாம்சன் அதே வழியில் போனார். மாவ் சும்மா கூட வந்தார். தீவு நெருங்கிய ஒரு காலையில் பறவை ஒன்று கடந்து போனது. காலைப் பறவை கரையை விட்டு வெளியே போகும், ஆகவே தீவு அதன் பின்பக்கம் என்று கணக்குப் போட்டார் மாணவர். இல்லை, அது போகும் பக்கமே திருப்பு என்றார் மாவ். அதன் அலகில் சின்ன மீன் இருந்ததை அவர் பார்த்திருந்தார். கூட்டில் குஞ்சு இருக்கிறது. ஊட்டுவதற்குத் திரும்பிப் போகிறது. அவர் சொன்னபடியே கரை தெரிந்தது.

பறவையை நம்பியது அவர்கள் மட்டுமில்லை. இலங்கை மாலுமிகள் பறவை கொண்டுபோய், பறக்கவிட்டுக் கரை தேடுவார்கள் என்று ரோமாபுரியின் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். எங்கும் கரை காணாமல் மறுபடி கப்பலின் பாய்மரத்துக்கே வந்து உட்காரும் பறவையாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறாரே குலசேகர ஆழ்வார், இத்தனை நாள் அதை வெறும் உவமை என்றே நினைத்திருந்தேன்.

சரி, எனக்கு ஒன்று செய். உங்கள் தெருவில் உன் அப்பாவோடு கடலுக்குப் போன பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்றாயே, வாடைக் காலத்தில் கரை மறைந்த பிறகு எந்த வெள்ளியைப் பார்த்து வந்தார்கள், அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன என்று கேட்டு எழுது. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். கருவாடு அனுப்பினால் போன தடவை மாதிரி இல்லாமல் இரண்டு பைக்குள் வைத்துக் கட்டு. தபால்காரர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அன்புடன்,
ராமசாமி