கண்டிசன் காடு: என் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஓமலூர்ப் பக்கத்தில் இருக்கும் என் பங்காளிகளுக்கும், நம்மைப் போலவே பஞ்சமி நிலத்தைக் கையில் வைத்திருக்கும் சேலம் மாவட்டத்துக் குடும்பங்களுக்கும்,

வணக்கம். போன மாதம் மேட்டுக்காட்டை மனைப்பிரிவு போட ஒரு பார்ட்டி வந்து, மூலப்பத்திரம் கேட்டு, பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனது உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சில் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நம் காடு ஒன்றோடு முடிகிற விஷயம் இல்லை என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

அந்த 1 ஏக்கர் 62 சென்ட்டை நம் பாட்டி கடைசிவரை "கண்டிசன் காடு" என்றுதான் சொன்னார். சின்ன வயதில் அது ஏதோ ஒரு ஆள் பெயர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன கண்டிசன் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பறையர்களுக்குச் சொந்த நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடப் பல இடங்களில் மிராசுதாருடையது, தரிசு கேட்டு மனுப் போட்டால் ஊரே எதிர்க்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படை செய்யும் வழி அப்படித்தான் திறந்தது. அந்த நிலத்தைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். நிபந்தனைதான் இதில் முக்கியம். முதல் 10 வருடத்துக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு இழப்பீடு இல்லாமல் மீட்டுக்கொள்ளலாம்.

பாட்டி சொன்ன கண்டிசன் அதுதான்.

நம் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். 1966-ல் எழுதிய கிரயம். தொகை 850 ரூபாய். அதில் "முன்னமே புரோநோட்டின்பேரில் பெற்றுக்கொண்ட 600 ரூபாய் போக, இன்று ரொக்கம் 250" என்று இருக்கிறது. அதாவது தாத்தா அன்று எண்ணிக் கொடுத்தது 250 ரூபாய். மீதி, ஒப்படை வாங்கியவரின் மகன் வட்டியோடு சுமந்துகொண்டிருந்த கடன். செக்குபந்தியைப் பாருங்கள்: நான்கு எல்லையில் மூன்று, "அரிஜன காலனியார் நிலம்". எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் அது என்ன நிலம் என்பது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

வில்லங்கம் போட்டால் இது தெரியாது. வில்லங்கச் சான்றில் பதிவான பரிமாற்றங்கள் வரும், ஒப்படை நிபந்தனை வராது. 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். நடந்தபோது, ஊர் நிலக் கணக்கான பழைய அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் நிலம் என்பதைக் குறிக்க இருந்த 'டி.சி.' என்ற இரண்டு எழுத்து பல ஊரில் புதுப் பதிவேட்டுக்கு வராமல் போனது. நம் ஊரிலும் அப்படித்தான். புதுப் பதிவேட்டில் தாத்தா பெயரில் சாதாரணப் பட்டா. பழையதில் 'டி.சி.' அப்படியே இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் இரண்டு பதிவேட்டின் நகலையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி திண்ணைப் பேச்சுக்கு வருகிறேன். சின்ன அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி: "தாத்தா செஞ்சதுக்கு நான் எப்படி பொறுப்பு? நான் அப்போ பொறக்கவே இல்லையே." ஒப்புக்கொள்கிறேன். பாவம் பரம்பரையாக வராது. என் மகள் எந்தக் குற்ற உணர்வோடும் வளர வேண்டியதில்லை.

ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. இதை நமக்குச் சொல்லித்தர வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டாம். அப்பன் கடனை மகன் அடைக்க வேண்டும் என்பது 2005-ல் வாரிசுச் சட்டம் திருத்தப்படும்வரை நம் குடும்பச் சட்டத்திலேயே இருந்த கடமை. அந்தக் கடமையை விட்டாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52-ஆம் பிரிவுகள் இன்றைக்கும் இருக்கின்றன. இறந்தவர் மீதான தீர்ப்பை வாரிசு மேல் நிறைவேற்றலாம், ஆனால் இறந்தவரின் சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ அந்த அளவுக்கு மட்டும். தாத்தாவின் காடு நம் கைக்கு வரவில்லை என்றால் நமக்கு ஒரு பைசா பொறுப்பு இல்லை. வந்திருக்கிறது. மூன்று வீட்டுக்கு ஆளுக்கு 54 சென்ட். என் பொறுப்பு அந்த 54 சென்ட், அதற்கு மேல் இல்லை. சொத்துக்கு மட்டும் பேரன், கணக்குக்கு அந்நியன் என்றால் எப்படி?

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி இன்னொன்று சொன்னான். படித்தவன், கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொன்னான். அந்தக் காடு போகாமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் கதையே மாறியிருக்கும், வேறு இடத்தில் கல்யாணம், வேறு பிள்ளைகள், இன்றைக்குக் காலனியில் இருக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்தே இருக்க மாட்டார்கள். அப்படியிருக்க, அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டான். தத்துவப் புத்தகங்களில் இந்த வாதம் உண்டு, லேசில் தள்ளிவிட முடியாது. நானும் இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அவர்கள் "எங்கள் பிறப்பு கெட்டுப்போனது" என்று வழக்கு வைக்கவில்லை. அவர்கள் தாத்தாவுக்கு 1966-லேயே நிலத்தைத் திரும்பக் கேட்கும் நியாயம் இருந்தது. அவர் கேட்டுப் பெறாமல் செத்தார், மகனும் அப்படியே. வாங்காத பாக்கி எல்லாக் குடும்பத்திலும் எப்படி இறங்குமோ அப்படி இறங்கியிருக்கிறது. அதோடு, திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பது 1966-ல் முடிந்த காரியமும் இல்லை. அதை இந்த வருடம் செய்துகொண்டிருப்பது நாம். அதனால் இழப்பவர்கள் பிறந்து, வளர்ந்து, நம் ரோட்டிலேயே நடந்து போகிறார்கள்.

பெரியப்பா மட்டும் வேறு மாதிரிப் பேசினார். "நூறு, இருநூறு வருசத்துக் கதைக்கெல்லாம் ஈடு கேட்டா எங்க போய் முடியும்?" என்றார். உலகத்தில் பல வழக்குகளில் இந்தக் கேள்வி சரிதான். யார் யாருக்குச் செய்தார்கள் என்பதே அழிந்துபோன இடத்தில் கணக்குப் போட முடியாது. ஆனால் அரசுகள் விரும்பினால் எவ்வளவு நீளமாகக் கணக்கு வைக்கும் என்பதையும் பாருங்கள். 1833-ல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. கொடுத்தது எஜமானர்களுக்கு. அதற்கு வாங்கிய கடன் முழுதாக அடைந்தது 2015-ல். அடிமைகளின் கொள்ளுப்பேரர்களும் வரி கட்டி அதை அடைத்தார்கள். 1843-ல் இந்தியாவில் வந்த சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. நம் பக்கத்துப் பண்ணையாட்களுக்குக் காசும் இல்லை, காணியும் இல்லை. அதற்குப் பிறகு ஐம்பது வருடம் கழித்துத்தான் 1892 வந்தது.

அதனால் நம் விஷயத்தை அநீதிக்கு ஈடு கொடுப்பதா வேண்டாமா என்று பேசுவதே எனக்குப் பொருந்தாததாகத் தெரிகிறது. ஈடு என்று ஏதோ ஒன்று, தாமதமாகவும் கொஞ்சமாகவும், கொடுக்கப்பட்டுவிட்டது. 600 ரூபாய் புரோநோட்டை வைத்து நாம் வாங்கியது அந்த ஈட்டைத்தான். இதே மாதிரிப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டுப் பக்கம் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கியால் செத்தார்கள். காரணை ஊர்ப் போராட்டம். நம் வீட்டில் அந்தப் பெயர்களை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்காதா என்று வக்கீலிடம் கேட்கலாம். கேட்டேன். மேட்டூர் தாண்டினால் வரும் கர்நாடகத்தில், இப்படிக் கைமாறிய ஒப்படை நிலத்தை மீட்பதற்கென்றே 1978-ல் சட்டம் வந்தது. 1984-ல் உச்ச நீதிமன்றம் மஞ்சேகவுடா வழக்கில் அது செல்லும் என்றது. அதே நீதிமன்றம் 2017-ல், இருபத்தைந்து வருடம் கழித்து வந்த மனு ரொம்பத் தாமதம் என்று தள்ளியது. 2023-ல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி, காலவரம்பு கிடையாது என்றது. ஆகவே காலம் கடந்துவிட்டது என்று வாதாட இடம் இருக்கத்தான் செய்கிறது. அதை வைத்துத் தப்பிக்கும் ஆளாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

கிணறு விஷயம் தனி. 1974-ல் அப்பாவும் சித்தப்பாவும் வெட்டியது. நாற்பது தென்னையும் அவர்கள் வைத்தது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, தனக்கே முழு உரிமை என்று நல்லெண்ணத்தோடு நம்பி மேம்பாடு செய்தவருக்கு அதன் மதிப்பைக் கேட்க வழி தருகிறது. செக்குபந்தியை வாசித்த பிறகு தாத்தாவுக்கு அந்த நல்லெண்ணம் இருந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அப்பாவுக்கு இருந்திருக்கலாம். கிணற்றுக்கு ஈடு கேட்க நினைப்பவர்கள் கேளுங்கள், தப்பில்லை. என் பங்குக்கு நான் கேட்கப்போவதில்லை. இத்தனை வருட மகசூல் அதற்குச் சரியாகிவிட்டது.

பக்கத்து சர்வே எண்ணில் பன்னிரண்டு வீடு இருக்கிறது. தறி ஓட்டுகிறவர்கள், பேங்கில் கடன் வாங்கி ஒண்ணேகால் கிரவுண்டு மனை வாங்கியவர்கள். அதுவும் டி.சி. நிலம்தான். அவர்களையும் நம்மையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. புதுப் பதிவேட்டையும் வில்லங்கத்தையும் பார்த்துத்தான் வாங்கினார்கள், சந்தை விலையும் கொடுத்தார்கள். பதிவேட்டில் அந்த எழுத்தைத் தொலைத்தது அரசு. அங்கே ஈடு கொடுக்க வேண்டியதும் அரசுதான், மாற்று நிலமாகக் காலனிக்காரர்களுக்கு.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நிலத்தை அரசு மீட்டால் அது தானாகவே அந்தக் குடும்பத்துக்குப் போகாது. அரசு நிலமாகி, நிலமில்லாத வேறு ஆதிதிராவிடருக்கும் ஒப்படை ஆகலாம். அந்த வம்சத்துக்குக் கொடுப்பதா, அந்தச் சமூகத்துக்குக் கொடுப்பதா என்பதில் எனக்கே தெளிவில்லை. அந்த வீட்டுக் கொள்ளுப்பேத்தி ஒருத்தி டீச்சர், நம்மைவிட நல்ல நிலையில் இருக்கிறாள், அவளுக்கு எதற்கு என்று அத்தை கேட்டார். தாத்தா சொத்தைப் பிரிக்கும்போது நம்மில் யாருக்குச் சம்பளம் அதிகம் என்று நாம் பார்க்கவில்லையே, அத்தை.

தை மாதம் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவதாகப் பேச்சு. என் 54 சென்ட்டை அதில் சேர்க்காதீர்கள். ஒப்படைப் பதிவை இணைத்து, நிலத்தை மீட்டு அந்தக் குடும்பத்துக்கே முன்னுரிமை கொடுத்து ஒப்படை செய்யக் கேட்டு, தாசில்தாருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். காலனிக்குப் போய் அவர்களிடமும் பேசினேன். பெரியவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கிணத்துல தண்ணி இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

மனுவை அடுத்த திங்கள்கிழமை கொடுக்கிறேன். கூட வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். பழைய அ-பதிவேட்டின் நகல் என்னிடம் மூன்று செட் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பங்காளி