துபாய்க்குக் கையெழுத்துப் போடும் முன் பேசிக்கைப் பாரு

மக்கா,

நீ அம்பத்தூரிலிருந்து அனுப்பின ஆஃபர் லெட்டர் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். "மாதம் 1,800 திர்ஹாம்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துப் போடவில்லை. மார்த்தாண்டத்து ஏஜென்ட் "மொத்தம் கைக்கு வருதே, அப்புறம் என்ன?" என்பார். மாசச் சம்பளத்துக்கு அது சரி. ஆனால் அமீரகத்தில் வேலையை முடித்து வரும்போது தரும் கிராஜுவிட்டியை பேசிக்கை மட்டும் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், அதுவும் கடைசியாக வாங்கின பேசிக்கை.

ஒரு வருஷம் முழுசா முடிந்தால்தான் இது கிடைக்கும். முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் பேசிக், அதற்கு மேல் வருஷம் 30 நாள். நீ 7 வருஷம் இருந்தால் 105ம் 60ம் சேர்த்து 165 நாள். பேசிக் 1,500, அலவன்ஸ் 300 என்று போட்டிருந்தால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம், கையில் 8,250 வரும். அதே 1,800ஐ பேசிக் 900, அலவன்ஸ் 900 என்று பிரித்தால் ஒரு நாளைக்கு 30தான், 4,950தான் வரும். மாசம் வாங்கின காசு ஒன்றே, கடைசியில் 3,300 போச்சு. சம்பளமில்லாமல் லீவு போட்ட நாளும் சர்வீஸில் சேராது. சவூதியில் இருக்கிறவர்கள் சொல்லும் கணக்கை இதற்குப் போடாதே. அங்கே ராஜினாமா செய்தால் தொகை குறையும். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் வந்த சட்டப்படி ராஜினாமாவுக்காகக் குறைக்க மாட்டார்கள்.

அதனால் கம்பெனியின் லெட்டர் மட்டும் போதாது. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஜாப் ஆஃபர் தாளைக் கேள். அதில் பேசிக்கும் அலவன்ஸும் தனித்தனி வரியில் இருக்கும். தமிழிலும் கிடைக்கும். அங்கே போனபின் போடும் கான்ட்ராக்ட் இந்தத் தாளைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. அதனால் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். "விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. பர்மிட் இல்லாமல் வேலை செய்வது அங்கே குற்றம். நாளைக்குச் சர்வீஸைக் காட்டவும் உன் கையில் தாள் இருக்காது.

ஏஜென்டின் பதிவு எண்ணை emigrate.gov.in தளத்தில் நீயே போட்டுப் பாரு. பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே.

கடைசி நாளில் ஒரு விஷயம் நடக்கும். "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டி, காசு பிறகு பேங்கில் வரும் என்பார்கள். வேலை முடிந்த 14 நாளுக்குள் பாக்கியைத் தர வேண்டும் என்பது சட்டம். காசு ஏறுகிறவரை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே.

பேசிக் பிரித்துப் போட்ட தாள் வந்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை பாஸ்போர்ட் உன்னிடமே இருக்கட்டும்.

அப்பா