சேம்பரை நாள் கணக்கில் பிரிக்கும் முன்: ஒரு திறந்த மடல்

ஆலைத் தலைமை மேலாளர் அவர்களுக்கும், தரப் பிரிவு, வடிவமைப்புப் பிரிவு நண்பர்களுக்கும்,

வணக்கம். வெப்பச் சோதனை சேம்பரைப் பராமரிப்பவன் எழுதுகிறேன். வரும் வாரத்திலிருந்து திங்கள் முதல் புதன் வரை தரப் பிரிவுக்கு, வியாழனும் வெள்ளியும் வடிவமைப்புப் பிரிவுக்கு என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. இதைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். நடுநிலையாகப் பிரித்தது போலத் தெரிந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் இது உதவாது.

தரப் பிரிவின் நீண்ட சோதனை இடைவிடாமல் 72 மணி நேரம் ஓட வேண்டும். திங்கள் காலை 9 மணிக்குத் தொடங்கினால் வியாழன் காலை 9 மணிக்குத்தான் முடியும். அதற்குள் அடுத்த பிரிவு வாசலில் நிற்கும். வடிவமைப்புப் பிரிவின் சோதனைக்கு 3 மணி நேரம் போதும். ஆனால் பாகத்தை மாற்றியதும் அன்றே முடிவு தெரிய வேண்டும். வெள்ளி மாலை ஒரு பாகம் தோற்றுப் போனால், திருத்தியதைச் சோதிக்க வியாழன் வரை காத்திருக்க முடியுமா?

போன வாரம் இரண்டு பிரிவினரிடமும் தனித்தனியாகப் பேசினேன். ஒன்றாக உட்கார வைத்தால் யாரும் உண்மையான காரணத்தைச் சொல்வதில்லை, சொன்னால் அது தங்களுக்கு எதிராகத் திரும்பும் என்று பயப்படுகிறார்கள். "ஏன் திங்கள் வேண்டும்?" என்று கேட்டபோதும் "எங்களுக்குத் திங்கள்தான் வேண்டும்" என்றே இரு பிரிவிடமிருந்தும் பதில் வந்தது. அப்புறம் கேள்வியை மாற்றினேன். "திங்கள் கிடைக்காவிட்டால் எது, எந்தத் தேதியில் கெடும்?" அதற்குத்தான் வாய் திறந்தார்கள்.

தரப் பிரிவுக்கு முக்கியம் திங்கள் இல்லை. ஒருமுறை 50 மணி நேரம் ஓடிய சோதனையின் நடுவில் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். மொத்தமும் வீணாகி, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பயத்தில்தான் தேவைக்கு மேல் முன்பதிவு செய்து வைக்கிறார்கள். வடிவமைப்புப் பிரிவு பதிவேட்டைப் பார்க்கிறது, உள்ளே சேம்பர் சும்மா இருப்பதையும் பார்க்கிறது, கோபப்படுகிறது. கடந்த 4 வாரப் பதிவேட்டை எடுத்துக் கூட்டினேன். 672 மணி நேரத்தில் முன்பதிவானது 590, உண்மையில் ஓடியது 310. பற்றாக்குறை என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி இந்தப் பயம்தான்.

வடிவமைப்புப் பிரிவுக்குப் புதிய பாகங்கள் செவ்வாய்க்கிழமைதான் வருகின்றன. திங்கள் அவர்களுக்குப் பெரும்பாலும் திட்டமிடும் நாள். ஆக, சண்டை முழுவதும் யாருக்கும் கட்டாயம் இல்லாத ஒரு நாளைப் பற்றி!

என் யோசனை இது. 72 மணி நேரச் சோதனையை வெள்ளி மாலை 5 மணிக்குத் தொடங்கினால் திங்கள் மாலை 5 மணிக்கு முடியும். ஆளில்லாத சனி, ஞாயிறு அதற்குள் போய்விடும். ஓடும் நேரத்தில் கதவைப் பூட்டி, சாவி தரப் பிரிவிடமே இருக்கட்டும். மாதத்துக்கு இரண்டு நீண்ட சோதனைகள்தான் என்பதால் இரண்டு வாரம் இப்படி, மற்ற நாட்கள் திறந்தவை. திங்கள் மாலையிலிருந்து வெள்ளி மாலை வரை வடிவமைப்புப் பிரிவு 3 மணி நேரத் துண்டுகளாக எடுக்கலாம். பதிவு செய்து அரை மணி நேரத்துக்குள் தொடங்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

ஒரு இடத்தில் மட்டும் இது தீர்வாகாது. வாடிக்கையாளர் புகார் வந்தால் தரப் பிரிவுக்கு உடனே 24 மணி நேரம் வேண்டும், அதே நாள் வடிவமைப்புப் பிரிவுக்கும் அவசரம் இருக்கலாம். இருவருக்கும் உண்மையிலேயே ஒரே நேரம் வேண்டும் எனும்போது, பேச்சில் மறைந்திருக்கும் காரணம் எதையும் தோண்டி எடுக்க முடியாது. அதற்கு முன்கூட்டியே ஒரு அளவுகோல் தேவை. வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்த தேதி எந்தச் சோதனைக்கு மிக அருகில் இருக்கிறதோ அது முதலில். விலகுகிறவர் வெளிச் சோதனைக் கூடத்துக்குப் போகட்டும், அந்தச் செலவு அவருடைய கணக்கில் ஏறாமல் பொதுச் சோதனை நிதியிலிருந்து போகட்டும். விலகியதற்கு அபராதமும் சேர்ந்தால் அடுத்த முறை யாரும் விலக மாட்டார்கள். இந்த நிதிக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும், மேலாளர் அவர்களே. இரண்டு பிரிவாலும் தாங்களாகச் சம்மதித்துக்கொள்ள முடியாத ஒரே விஷயம் இதுதான்.

இது என் யோசனை மட்டுமே. இரு பிரிவிலிருந்தும் முடிவெடுக்க அதிகாரம் உள்ளவர்கள் பிரிவுக்கு ஒருவராக ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காரட்டும். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்பவர் வந்தால் பலனில்லை. சம்மதமானால் 6 வாரம் ஓட்டிப் பார்த்து, அதே பதிவேட்டைத் திரும்பக் கூட்டுவோம். முன்பதிவு நேரத்துக்கும் ஓடிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி குறையவில்லை என்றால், பயம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். மறுபடி உட்கார வேண்டும்.

புதன் மதியம் 3 மணிக்கு நான் தயார். 4 வாரப் பதிவேட்டின் நகலோடு வருகிறேன்.

இப்படிக்கு,
சோதனைக் கூடப் பராமரிப்பாளர்